போனில் நிரப்பிய பிடிஎஃப் படிவம் வெறுமையாகப் போவது ஏன்?

"போனில் படிவத்தை நிரப்பி, கையெழுத்தும் போட்டு அனுப்பினேன். கட்டங்கள் காலியாக இருக்கின்றன என்கிறார்கள். என்ன தவறு?"

நீங்கள் தட்டச்சு செய்வது பக்கத்தின் மேல் அச்சாவதில்லை. அந்தக் கட்டத்தின் மதிப்பாகத் தனியே சேமிக்கப்படுகிறது. அதைக் காட்டத் தெரியாத செயலியில் திறந்தால் கட்டம் காலியாகத்தான் தெரியும். மின்னஞ்சல் முன்னோட்டத்திலேயே நிரப்பினால், மதிப்பு கோப்பில் சேராமலே போகலாம்.

அதனால் முதலில் கோப்பைப் பதிவிறக்கி, ஒரு நகலும் எடுத்துக்கொள்ளுங்கள். Adobe Acrobat Reader-இல் திறந்து, கட்டத்தைத் தொட்டு நிரப்புங்கள். கடைசிக் கட்டத்தை முடித்ததும் வெளியே ஒருமுறை தட்டுங்கள். இல்லாவிட்டால் அந்த ஒன்று மட்டும் விடுபடலாம். அப்புறம் Fill & Sign வழியாகக் கையெழுத்து. எழுத்துகளை முடித்த பிறகே அதைப் போடுங்கள்.

அடுத்ததுதான் முக்கியம். ஆண்ட்ராய்டில் Print போய், அச்சுப்பொறியாக Save as PDF தேர்ந்து புதிய பெயரில் சேமியுங்கள். எழுத்தும் கையெழுத்தும் பக்கத்தோடு ஒட்டிவிடும். அந்தப் புதிய கோப்பை வேறொரு செயலியில் திறந்து, கட்டத்தைத் தட்டிப் பாருங்கள். விசைப்பலகை வராமல் எழுத்து தெரிந்தால் சரி. இனி அதில் திருத்த முடியாது. திருத்தம் வந்தால் பழைய கோப்புக்குத்தான் போக வேண்டும்.

சான்றிதழ் வைத்த டிஜிட்டல் கையொப்பம் கேட்டிருந்தால் மட்டும் இப்படிச் செய்யாதீர்கள். அச்சிட்டுச் சேமித்தால் அந்தக் கையொப்பம் வெறும் படமாகிவிடும்.