அம்மாவுக்கு இனிப்பு நீர். ‘சீனி சேர்க்கப்படவில்லை’ என்று போட்டிருக்கும் ஓட்ஸ் பானத்தையும் பிஸ்கட்டையும் நம்பி வாங்கலாமா? பொட்டலத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

அந்த வாசகத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். நான் எட்டு மாதம் அப்படி நம்பி வாங்கினேன்; அதன் பலனை அனுபவித்தவர் என் அப்பா. உங்கள் அம்மாவும் அவரைப் போலவே காலையில் உடனிருந்து சமைத்துத் தர ஆளில்லாமல், சுடுநீரை ஊற்றிக் கலக்கிப் பசியாறுபவர் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது சுங்கை சிப்புட் பக்கம். அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். இருட்டோடு எழுந்து ஒரு பெரிய குவளைப் பானமும் நான்கு கிரீம் கிரேக்கர் பிஸ்கட்டும் எடுத்துக்கொள்ளும் பழக்கம், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவரை விட்டுப் போகவில்லை. நான் செம்பனை ஆலை அலுவலகத்துக்கு ஏழு மணிக்கே கிளம்பியாக வேண்டும். ஆகையால், அவருக்கு இனிப்பு நீர் என்று தெரிந்த நாளிலிருந்து, வழக்கமான ஓட்ஸ் பானத்தை நிறுத்திவிட்டு, ‘தன்பா கூலா தம்பாஹான்’, அதாவது சீனி சேர்க்கப்படவில்லை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த பானத்தை வாங்கி வைத்தேன். இராச் சோற்றையும் அவராகவே குறைத்துக்கொண்டார். அப்படியிருந்தும் காலை ஆகாரத்துக்கு முன் 6.8 மில்லிமோல் காட்டிய இரத்தச் சீனி அளவு, இரண்டு மணி நேரம் கழித்து 13.1 ஆக ஏறியது. எங்கள் கிளினிக்கில் சொல்லியிருந்த இலக்கு, ஆகாரத்துக்கு முன் 4.4 முதல் 7 வரை, பின் 8.5க்குள்.

அரசாங்கக் கிளினிக்கில் இருந்த உணவியல் அதிகாரி, வீட்டில் இருப்பதையெல்லாம் பையோடு கொண்டுவரச் சொன்னார். பையின் பின்புறத்தில் இருந்த ஊட்டச்சத்து அட்டவணையில் ‘ஜூம்லா கூலா’ என்ற சீனி வரியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, “ஐயா, இந்த வரியை மட்டும் பார்த்திருக்கீங்க. இதுக்கு மேல இருக்கிற வரியைப் படிங்க” என்றார். மேலே இருந்தது ‘கார்போஹிட்ராட்’, அதாவது மொத்த மாவுச்சத்து. ஒரு சிறு பொட்டலத்தில் சீனி ஏறத்தாழ 1 கிராம்தான். மாவுச்சத்தோ 20 கிராம்.

அப்பாவின் குவளை பெரியது என்பதால் அவர் இரண்டு பொட்டலம் போடுவார். அதுவே 40 கிராம். நான்கு பிஸ்கட்டைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 32 கிராம் இருந்தன. 100 கிராமுக்கு 66 கிராம் மாவுச்சத்து என்று அந்த டின்னில் இருந்ததால், அவற்றில் 21 கிராம். ஆக மொத்தம் 61 கிராம் மாவுச்சத்து விடியற்காலையிலேயே உள்ளே போய்விடுகிறது. இது 200 கிராமுக்குச் சற்று மேற்பட்ட சோற்றில் இருக்கும் அளவு. இரவில் சோற்றைக் குறைத்தவர், காலையில் அதைக் குடித்துக்கொண்டிருந்தார். கிளினிக்கில் 15 கிராம் மாவுச்சத்தை ஒரு பங்கு என்று கணக்கிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் அவர் நான்கு பங்கு எடுத்துக்கொண்டிருந்தார்.

சீனி இல்லாத பொடியில் இவ்வளவு மாவுச்சத்து எங்கிருந்து வருகிறது என்பதற்கு, ‘பஹான்-பஹான்’ என்ற சேர்மானப் பட்டியலைப் படிக்க வேண்டும். எடையில் மிகுதியாக இருப்பது முதலிலும் குறைவாக இருப்பது பின்னாலும் வரும்படி அந்தப் பட்டியலை அச்சிடுகிறார்கள். அப்பாவின் பானத்தில் முதலில் இருந்தது கிரீமர், அடுத்து ஓட்ஸ், மூன்றாவது மால்டோடெக்ஸ்ட்ரின். இந்த மூன்றாவது பொருள் மாவை உடைத்துச் செய்யப்படுவது. நாக்கில் அதிகம் இனிக்காது, சீனி வரியிலும் சேராது, ஆனால் வயிற்றுக்குள் போனதும் குளுக்கோஸாக மாற அதற்கு நேரம் பிடிப்பதில்லை. சீனி சேர்க்கவில்லை என்று அவர்கள் அச்சிட்டது பொய்யன்று. அந்த வாசகம் மாவுச்சத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் எதை வாங்குவது என்று கேட்பீர்கள். இரண்டு பொட்டலங்களை ஒப்பிடும்போது 100 கிராமுக்கு உரிய பத்தியை மட்டும் பாருங்கள். ‘ஒரு பரிமாறலுக்கு’ என்ற பத்தியில் ஒரு நிறுவனம் 25 கிராமையும் இன்னொன்று 40 கிராமையும் எடுத்துக்கொள்வதால், சிறிய அளவைப் போட்டவரின் பொருள் நல்லதுபோலத் தோன்றும். நான் சாதாரண ஓட்ஸ் அவல் பொட்டலத்தையும் அந்தப் பானத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அவலில் 100 கிராமுக்கு 62 கிராம் மாவுச்சத்து, பானத்தில் 70. பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் நார்ச்சத்து வரியில் அவலுக்கு 10 கிராம், பானத்துக்கு அதில் பாதிதான். சேர்மானப் பட்டியலில் அவலுக்கு ஓட்ஸ் என்ற ஒரே சொல்தான் இருந்தது. 35 கிராம் அவலை அளந்து காய்ச்சி ஓர் அவித்த முட்டையோடு கொடுத்தால் அப்பாவுக்கு வயிறு நிறைகிறது, பிஸ்கட்டைத் தேடுவதில்லை. மாவுச்சத்து 22 கிராமில் நின்றுவிடுகிறது. அப்படிச் சாப்பிட்ட ஒரு காலையில் 6.6 ஆக இருந்தது 9.2 வரைதான் ஏறியது. இலக்கை அது இன்னும் தொடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அவலிலேயே பொடியாக நொறுக்கிய, சுடுநீர் ஊற்றினாலே கரைகிற வகையைவிட, தடித்து, அடுப்பில் வேகவேண்டிய வகையே மெதுவாகச் செரிக்கும்.

இட்லி, தோசை இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று யாராவது எழுதக்கூடும். அவையும் மாவுச்சத்துதான், அவற்றின் பின்னால் அட்டவணையும் இல்லை. மாவுச்சத்தே ஆகாது என்று நான் சொல்லவும் இல்லை. நான் மருத்துவம் படித்தவள் இல்லை. தராசையும் பரிசோதனைக் கருவியையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதரைக் கவனித்தவள், அவ்வளவே.

ஒன்றை மட்டும் கட்டாயம் செய்யுங்கள். உங்கள் அம்மா கிளிக்லசைட் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், காலை உணவை மாற்றுவதற்கு முன்பே கிளினிக்கில் சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் மாற்றினேன். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் பதினொரு மணிக்கு அப்பா கை நடுங்கி, சட்டை நனைய வியர்த்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா கருவியில் பார்த்தபோது 3.6. மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்த பிறகுதான் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். 61 கிராமுக்கு ஏற்ப இருந்த மாத்திரை 22 கிராமுக்கு அதிகமாகிவிட்டது என்று விளக்கி, கிளினிக்கில் அளவைக் குறைத்தார்கள்.

பிஸ்கட் விஷயத்தில் என் கணக்கு எளிது. ‘சீனி இல்லை’ என்று விற்கும் டின்னிலும் முதல் சேர்மானம் கோதுமை மாவுதான். நான் பார்த்த ஒன்றில் 100 கிராமுக்கு 68 கிராம் மாவுச்சத்து இருந்தது, எங்கள் பழைய கிரேக்கரைவிட 2 கிராம் கூடுதல், விலையோ இரு மடங்கு. ஆகவே பழைய கிரேக்கரையே, நாளுக்கு இரண்டு மட்டும், மாலைத் தேநீரோடு கொடுக்கிறேன்.

எனக்கு இன்னும் ஆறாத மனக்குறை ஒன்று உண்டு. எங்கள் தோட்டத்துப் பக்கக் கடைகளில் இந்தப் பானங்களைப் பையைப் பிரித்து, ஒவ்வொரு பொட்டலமாக விற்கிறார்கள். அட்டவணை வெளிப்பையில் மட்டுமே இருக்கிறது. பொட்டலத்தில் பெயரும் ஓட்ஸ் படமும்தான். பத்துப் பொட்டலத்தை மொத்தமாக வாங்கப் பணமில்லாத வயதானவர்கள்தான் அப்படி இரண்டு இரண்டாக வாங்குகிறார்கள், அவர்களில் பலர் அப்பாவோடு கிளினிக்கில் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள். கடைக்காரரிடம் கேட்டு ஒரு வெளிப்பையை வாங்கி, அதன் பின்பக்கத்தைக் கத்தரித்து, மாவுச்சத்து வரியைச் சிவப்புப் பேனாவால் கோடிட்டு அவர் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.