தைராய்டும் தள்ளிப்போகும் மாதவிடாயும்: எந்தப் பரிசோதனை முதலில்?

29 வயது வாசகி: டாக்டர், திருமணமாகி ஒன்றரை ஆண்டு ஆகிறது. மாதவிடாய் 45 முதல் 60 நாள்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. டி.எஸ்.எச். 38, ஃப்ரீ டி4 குறைவு, புரோலாக்டின் 52. ஸ்கேனில் பி.சி.ஓ.எஸ். என்று எழுதியிருக்கிறார்கள். மூன்றுக்கும் தனித்தனி மாத்திரை சாப்பிட வேண்டுமா?

உங்களுக்கு இருப்பது பெரும்பாலும் ஒரே நோய்தான், அது தைராய்டுக் குறைபாடு. தைராய்டு சுரப்பி தளரும்போது அதை எழுப்புவதற்காக மூளையிலிருந்து டி.ஆர்.எச். என்ற ஹார்மோன் கூடுதலாக வருகிறது. அது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து, தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச்.சை மட்டுமன்றி, பால் சுரப்புக்கான ஹார்மோனான புரோலாக்டினையும் சேர்த்தே உயர்த்திவிடும். புரோலாக்டின் உயர்ந்தால் சினைப்பைக்குச் செல்ல வேண்டிய தூண்டல் குறைந்து, கருமுட்டை வெளிவருவது தாமதமாகும், அல்லது அந்தச் சுழற்சியில் நிகழாமலே போகும். பாதியில் நின்றுபோன சிறு முட்டைப் பைகளைத்தான் ஸ்கேனில் நீர்க்கட்டிகள் என்று பார்த்திருக்க வாய்ப்பு அதிகம். தைராய்டையும் புரோலாக்டினையும் சரிபார்த்து விலக்கிய பிறகே பி.சி.ஓ.எஸ். என்று முடிவு செய்ய வேண்டும் என்பது இதனால்தான்.

முதலில் ஒரு கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாதவிடாய் தள்ளிப்போவதற்கும் புரோலாக்டின் உயர்வதற்கும் கர்ப்பமே காரணமாக இருக்கலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். கர்ப்பம் இல்லையென்றால், தைராய்டு ஹார்மோன் மாத்திரையான தைராக்ஸின் மட்டும் போதும். உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம் என்ற கணக்கில், 60 கிலோ எடையுள்ளவருக்கு அது தினமும் 100 மைக்ரோகிராம் அளவில் வரும். இதயக் கோளாறு ஏதும் இல்லாத இளம் வயதினருக்கு இந்த அளவிலேயே தொடங்குவதுண்டு. உங்களுக்கான அளவை உங்கள் மருத்துவர் முடிவு செய்வார். இரண்டே வாரத்தில் மறுபரிசோதனை செய்து மனம் தளர வேண்டாம், டி.எஸ்.எச். நிலைபெற 6 முதல் 8 வாரங்கள் ஆகும். அப்போது டி.எஸ்.எச்.சையும் புரோலாக்டினையும் ஒன்றாகப் பாருங்கள். குழந்தைக்கு முயல்பவர்களுக்கு டி.எஸ்.எச். 2.5-க்குக் கீழே வருவது நல்லது.

புரோலாக்டினைக் குறைக்கும் மாத்திரையை இப்போதே தொடங்குவதையும், அவசரப்பட்டு எம்.ஆர்.ஐ. எடுப்பதையும் நான் விரும்பவில்லை. கடுமையான தைராய்டுக் குறைபாட்டில் பிட்யூட்டரியே வீங்கி, படத்தில் கட்டி போலத் தோன்றக்கூடும். தைராக்ஸின் தொடங்கிய சில மாதங்களில் அந்த வீக்கம் தானாகவே சுருங்கிவிடும். ஆனால் தீராத தலைவலியோ பார்வைக் குறைவோ இருந்தாலும், புரோலாக்டின் நூற்றுக்கு மேல் இருந்தாலும், டி.எஸ்.எச். சரியான பிறகும் அது இறங்காவிட்டாலும் எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப்போடக் கூடாது. டி.எஸ்.எச். இயல்பாகிச் சில மாதங்கள் கடந்த பிறகும் மாதவிடாய் ஒழுங்குக்கு வரவில்லையென்றால், அப்போது இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் எஃப்.எஸ்.எச்., எல்.எச்., எஸ்ட்ராடயால் ஆகியவற்றையும், தனியே டெஸ்டோஸ்டிரோனையும் பார்த்து, பி.சி.ஓ.எஸ். கேள்வியை மீண்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஓய்வுபெற்ற ஆய்வக ஊழியர்: முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே ரத்தம் கொடுக்க வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்து காட்டும். மருத்துவர்கள் இதைக் கேட்பதே இல்லையே, ஐயா?

நியாயமான குறை. தைராய்டு குறைந்தாலே முடி கொட்டும் என்பதால், இந்தப் பரிசோதனை தேவைப்படும் பெண்களிடமே பயோட்டினும் அதிகம் இருக்கிறது. பயோட்டினைப் பயன்படுத்தி அளக்கும் கருவிகளில் டி.எஸ்.எச். குறைவாகவும் ஃப்ரீ டி4 அதிகமாகவும் வந்து, குறைபாடு உள்ளவருக்கு மிகைச் சுரப்பு இருப்பதுபோன்ற அறிக்கை கிடைத்துவிடும். குறைந்தது 2 நாள்கள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்க வேண்டும். அதிக அளவில் சாப்பிடுபவர்கள் இன்னும் முன்னதாக நிறுத்த வேண்டும். உங்களைப் போன்றவர்களுக்குத் தெரிந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: மாதவிடாய் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும் ஒருவருக்குப் புரோலாக்டின் மட்டும் உயர்ந்திருந்தால், அது மேக்ரோபுரோலாக்டினா என்று ஆய்வகத்திடம் கேட்க வேண்டும். அந்தப் பெரிய மூலக்கூறு அளவீட்டில் தெரியுமே தவிர, உடலில் பெரிதாக வேலை செய்வதில்லை.

ஒரு வாசகி: 21-ஆம் நாள் புரோஜெஸ்டிரோன் 0.6 என்று வந்தது. அந்த நாளில்தான் பார்க்க வேண்டும் என்று படித்துவிட்டுத்தான் போனேன். எனக்கு 38 நாள்களுக்கு ஒருமுறை வரும். கருமுட்டையே வரவில்லை என்று அர்த்தம்தானே?

நீங்கள் படித்தது 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்குப் பொருந்தும். அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ 7 நாள்களுக்கு முன்பு பார்க்க வேண்டும் என்பதுதான் கணக்கு. உங்களுக்கு அது 31-ஆம் நாள். 21-ஆம் நாளில் உங்கள் முட்டை இன்னும் வெளிவராமல் இருந்திருக்கலாம், ஆகவே 0.6 என்ற எண்ணிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது. சுழற்சி மாறி மாறி வருமானால் 31-ஆம் நாளில் தொடங்கி, மாதவிடாய் வரும்வரை வாரம் ஒருமுறை பாருங்கள். ஒருமுறையேனும் 3 நானோகிராமுக்கு மேல் வந்தால் அந்தச் சுழற்சியில் முட்டை வெளிவந்திருக்கிறது.

ஒரு கணவர்: என் மனைவிக்கு 31 வயது, ஏ.எம்.எச். 1.1, டி.எஸ்.எச். 3. தைராய்டு மாத்திரை கொடுத்தால் ஏ.எம்.எச். ஏறுமா?

அதை எதிர்பார்த்து மாத்திரை கொடுக்கக் கூடாது. ஏ.எம்.எச். என்பது மீதமுள்ள முட்டைகளின் தோராயமான இருப்பு, ஐ.வி.எஃப். ஊசிக்குச் சினைப்பை எப்படி ஈடுகொடுக்கும் என்பதைக் கணிக்க உதவும். மாதவிடாய் ஒழுங்காக இருக்கும் பெண்ணுக்கு இயற்கையாகக் கரு தரிக்குமா என்பதை அது சொல்வதில்லை. நீங்கள் அனுப்பிய அறிக்கைகளில் உங்களுடைய விந்துப் பரிசோதனையைக் காணவில்லை, ஐயா. மனைவிக்கு அடுத்த ரத்தப் பரிசோதனை எடுப்பதற்கு முன்பு அதைச் செய்துவிடுங்கள்.

34 வயது வாசகி: எனக்கு இரண்டு முறை கரு கலைந்துவிட்டது. டி.பி.ஓ. ஆன்டிபாடி அதிகம், டி.எஸ்.எச். 3.1. ஒரு டாக்டர் மாத்திரை வேண்டும் என்கிறார், இன்னொருவர் வேண்டாம் என்கிறார். யாரை நம்புவது?

உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். இருவருமே காரணத்தோடுதான் சொல்கிறார்கள். தைராய்டு சுரப்பியையே தாக்கும் இந்த ஆன்டிபாடி இருந்து, தைராய்டு அளவுகள் இயல்பாக உள்ள, கருச்சிதைவோ குழந்தைப்பேற்றுத் தடையோ கண்ட பெண்களுக்கு 50 மைக்ரோகிராம் தைராக்ஸின் கொடுத்துப் பார்த்த பிரிட்டிஷ் ஆய்வு 2019-இல் வெளிவந்தது. மாத்திரை எடுத்தவர்களில் 37.4 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 37.9 விழுக்காட்டினருக்கும் குழந்தை பிறந்தது. எனவே ஆன்டிபாடிக்காக மட்டும் நான் மாத்திரை எழுதுவதில்லை. ஆனால் 2.5-க்கும் 4-க்கும் இடைப்பட்ட டி.எஸ்.எச். விஷயத்தில் மருத்துவர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை, குறைந்த அளவில் கொடுப்பவரைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன். எப்படியானாலும் கர்ப்பம் உறுதியானதும், பாதிக் கர்ப்பகாலம் வரை 4 வாரங்களுக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பார்த்தாக வேண்டும், ஏனெனில் ஆன்டிபாடி உள்ள சுரப்பி கர்ப்பத்தின் கூடுதல் தேவைக்கு ஈடுகொடுக்கத் திணறலாம். கருச்சிதைவுக்குத் தைராய்டை மட்டும் காரணமாக்கிவிடாமல், ரத்தம் உறையும் போக்கைக் கூட்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு தாயார்: என் மகள் 2 வருஷமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறாள், முட்டைக்கோஸைக்கூட வீட்டில் நிறுத்திவிட்டேன். பிள்ளை உண்டானதும் குழந்தைக்கு ஆகாது என்று மாத்திரையை நிறுத்திவிடலாமா, டாக்டர்?

நிறுத்தவே கூடாது, அம்மா. கர்ப்பத்தின் முதற்பாதியில் குழந்தையின் சுரப்பி போதிய அளவு வேலை செய்யத் தொடங்கியிருக்காது. அந்தக் காலத்தில் அதன் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராக்ஸினே ஆதாரம். கர்ப்பம் உறுதியான அன்றே மாத்திரையைக் கூட்டத்தான் வேண்டும். வாரத்துக்கு 7 மாத்திரை சாப்பிடுபவர் 9 சாப்பிட வேண்டும், அதாவது இரண்டு நாள்களில் மட்டும் இரண்டிரண்டாக. இதை மகளின் மருத்துவரிடம் இப்போதே பேசி எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முட்டைக்கோஸை வேகவைத்துத் தாராளமாகச் சமைக்கலாம், அயோடின் உப்பு இருந்தால் போதும். கவனிக்க வேண்டியவை காபியும் இரும்புச்சத்து மாத்திரையும்தான். தைராக்ஸினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, குறைந்தது அரை மணி நேரம் கழித்தே காபி குடிக்கச் சொல்லுங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும்.