40 விநாடியில் பொமோடோரோ

வணக்கம். எங்கள் குடியிருப்பில் பியூசி, கல்லூரி படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்காக, டைமர் வைத்துப் படிக்கும் பொமோடோரோ முறையைப் பற்றி 40 விநாடி வீடியோ எடுக்கிறோம். நான் எழுதிய ஸ்கிரிப்டை வாசித்தால் இரண்டரை நிமிடம் ஓடுகிறது. எதை வெட்டுவது?
ர., அல்சூர், பெங்களூரு

அன்புள்ள ர.,

முதல் பத்தியை அப்படியே எடுத்துவிடுங்கள். 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தக்காளி வடிவ சமையலறை டைமரை வைத்துப் படித்தார், இத்தாலிய மொழியில் பொமோடோரோ என்றால் தக்காளி என்பதெல்லாம் சுவையான கதைதான். ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் 15 விநாடி போய்விடும். நிதானமாகப் பேசினால் 40 விநாடிக்கு எழுபது சொல்தான் கொள்ளும்.

25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்பது பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். இருந்தும் மூன்றாம் நாளே விட்டுவிடுகிறார்கள். பத்தாவது நிமிடத்தில் வேறு ஏதாவது நினைவுக்கு வரும். 'இதோ ஒரு நிமிடம்' என்று எழுந்து போவார்கள். அதற்கு சிரில்லோவே வழி சொல்லியிருக்கிறார்: வந்த நினைப்பைத் தாளில் குறித்துவிட்டு வேலையைத் தொடர வேண்டும். உங்கள் ஸ்கிரிப்டில் அதுதான் இல்லை. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"ஃபோனை அடுத்த ரூம்ல வை. ஒரே ஒரு வேலை எடு: கரண்ட் எலெக்ட்ரிசிட்டியில அஞ்சு கணக்கு. கிச்சன் டைமர்ல இருபத்தஞ்சு நிமிஷம் வெச்சு ஆரம்பி. நடுவுல 'ஐயோ, ரெக்கார்டு நோட்டு முடிக்கலையே'ன்னு தோணுதா? எழுந்திருக்காதே. பக்கத்துத் தாள்ல ஒரு வரி குறிச்சிட்டுக் கணக்குக்கே திரும்பு. மணி அடிச்சா பேனாவைக் கீழ வை. அஞ்சு நிமிஷம் நட, தண்ணி குடி. ஃபோன் வேண்டாம். அப்புறம் அடுத்த இருபத்தஞ்சு. நாலு சுத்து முடிஞ்சா அரை மணி நேரம் ரெஸ்ட்."

'பிசிக்ஸ் படி' என்று பொதுவாகச் சொல்லாமல் 'அஞ்சு கணக்கு' என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். வேலை அந்த அளவுக்குக் குறுகினால்தான் மணி அடிக்கும்போது எவ்வளவு முடிந்தது என்று தெரியும். ஐந்தில் இரண்டுதான் முடிந்ததென்றால், நாளைக்கு ஒரு சுற்றுக்கு இரண்டு என்றே திட்டம் போடலாம். டைமரையும் ஃபோனில் வைக்கச் சொல்லாதீர்கள். மணியை நிறுத்தக் கையில் எடுத்தவுடன் வாட்ஸப் கூப்பிடும், ஓய்வு அதிலேயே கரைந்துவிடும்.

கணக்கு பாதியில் நிற்கும்போது மணி அடித்தால் என்ன செய்வது என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். அடுத்த வரியில் என்ன செய்யப்போகிறோம் என்பதை ஓரத்தில் 'இனி கிர்க்காஃப் இரண்டாம் விதி' என்பதுபோலக் கிறுக்கிவிட்டு எழுந்தால் போதும். திரும்பி வந்ததும் முதலிலிருந்து யோசிக்க வேண்டியதில்லை. நடுவில் அம்மா கடைக்கு அனுப்பிவிட்டால் அந்தச் சுற்று கணக்கில் சேராது, வந்ததும் முழு 25 நிமிடம் புதிதாக வைக்க வேண்டும். இதில் கறாராக இருக்கச் சொல்லுங்கள்.

மாதிரித் தேர்வு எழுதும் நாளில் மட்டும் இந்த முறை வேண்டாம். தேர்வு அறையில் 25 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க விடமாட்டார்கள் என்பதால், மூன்று மணி நேரத் தாளை ஒரே மூச்சில்தான் எழுதிப் பழக வேண்டும். இது வீடியோவுக்குள் அடங்காது. கீழே ஒரு வரியாகப் போட்டுவிடுங்கள்.