பேருக்கு முன்னாடி பட்டம், பின்னாடி எழுத்து: எது இருக்கலாம், எதைத் தூக்கலாம்? (கேள்வி பதில்)

பதில் சொல்றவங்க: பின்னட்டை அக்கா. புத்தகத்தோட பின்னட்டை, கருத்தரங்க மலர், அழைப்பிதழ்னு மத்தவங்க அறிமுகக் குறிப்பைத் திருத்துறதுதான் இவங்க வேலை.

மதுரை டாக்டர்: அக்கா, சுகர் பத்தி ஒரு புத்தகம் எழுதியிருக்கேன், பதிப்பகத்துல குறிப்பு கேக்குறாங்க. பேருக்குப் பின்னாடி எம்.பி.பி.எஸ்., எம்.டி., நீரிழிவு டிப்ளமோ, எம்.பி.ஏ., ரெண்டு ஃபெலோஷிப் இருக்கு. எல்லாத்தையும் போட்டுடலாமா?

பின்னட்டை அக்கா: டாக்டர் சார், உங்க எம்.டி. எதுல? தமிழ்நாட்டுல சித்தாவுலயும் எம்.டி. இருக்கு, ஆயுர்வேதத்துலயும் இருக்கு, ஹோமியோபதியிலயும் இருக்கு, கம்பெனி வச்சிருக்கிறவரும் விசிட்டிங் கார்டுல எம்.டி.ன்னுதான் போட்டுக்கிறார். அதனால வெறும் எம்.டி.ன்னு விட்டா வாசகர் தனக்குத் தெரிஞ்சதை நினைச்சுக்குவார். பொது மருத்துவம்னா அதை எழுதிடுங்க, சித்தான்னா சித்தான்னு எழுதிடுங்க, அதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல.

அடுத்தது அந்த ரெண்டு ஃபெலோஷிப். பரீட்சை எழுதி வாங்கினதா, இல்ல வருஷா வருஷம் சந்தா கட்டி வச்சிருக்கிறதா? எஃப்.ஆர்.சி.எஸ்., எம்.ஆர்.சி.பி. எல்லாம் உக்காந்து படிச்சு எழுதி வாங்குறது, அது இருக்கட்டும். விண்ணப்பமும் பணமும் அனுப்பினா தபால்ல வர்ற எழுத்துன்னா விட்டுடுங்க, ஏன்னா உங்க துறைக்காரங்களுக்கு அது என்னன்னு தெரியும், அந்த ஒண்ணைப் பாத்துட்டு நல்ல எம்.டி.யையும் சந்தேகப்படுவாங்க. இதுக்கு விதியும் இருக்கு. டாக்டர்களுக்கான 2002 நடத்தை விதிமுறையில பேருக்குப் பின்னாடி அங்கீகரிக்கப்பட்ட மருத்துவப் பட்டங்களையும், தொழில் அறிவைத் தர்ற, இல்லாட்டி சிறப்பான தகுதியைக் காட்டுற சான்றிதழ், டிப்ளமோ, உறுப்பினர் தகுதிகளையும் மட்டும்தான் போடணும்னு இருக்கு. எம்.பி.ஏ. இதுல எங்க வருதுன்னு நீங்களே சொல்லுங்க.

மதுரை டாக்டர்: பொது மருத்துவம்தான்க்கா. ஃபெலோஷிப் ஒண்ணு சந்தாதான், சரி, தூக்கிடுறேன். இன்னொண்ணு வேலூர்ல ஒரு வருஷம் தங்கிப் படிச்சது.

பின்னட்டை அக்கா: வேலூர்ல படிச்சதை எழுத்தா சுருக்காதீங்க, வாக்கியமா எழுதுங்க, சுருக்கெழுத்தா போட்டா அது என்னன்னு யாருக்குப் புரியும். நான் எழுதுனா இப்படி எழுதுவேன்: "மதுரையில் பொது மருத்துவர். எம்.பி.பி.எஸ்., எம்.டி. (பொது மருத்துவம்), நீரிழிவு நோயில் டிப்ளமோ. வேலூரில் ஓராண்டு நீரிழிவு சிகிச்சையில் சிறப்புப் பயிற்சி பெற்றவர். சர்க்கரை நோயாளிகளின் கால் புண் சிகிச்சையில் தனிக் கவனம் செலுத்துகிறார்." கால் புண்ணு நானா போட்டது, உங்களுக்கு எது பொருந்துமோ அதைப் போடுங்க. அட்டையில பேருக்கு முன்னாடி டாக்டர் மட்டும் போதும், பின்னாடி எழுத்து வேணாம், ரெண்டையும் போட்டா ஒரே விஷயத்தை ரெண்டு தடவை சொன்ன மாதிரி.

இதே நீங்க கவிதைத் தொகுப்பு போடுறீங்கன்னா மேல சொன்னது மொத்தமும் மாறிடும். அட்டையில டாக்டர்கூட வேணாம், உள்ள குறிப்புல "மதுரையில் மருத்துவர்"னு ரெண்டு வார்த்தை போதும். எம்.டி. படிச்சதால கவிதை நல்லா இருக்கும்னு யாரும் வாங்கப் போறதில்லையே.

திருச்சி தம்பி: அக்கா என் பிஹெச்.டி. தீசிஸ் சமர்ப்பிச்சாச்சு, அடுத்த மாசம் வைவா. கருத்தரங்க மலருக்கு இப்பவே முனைவர்னு குடுத்துட்டா என்ன, மலர் வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்ல?

பின்னட்டை அக்கா: வேணாம் தம்பி. வைவா தள்ளிப் போகும், திருத்தம் சொல்லுவாங்க, மலர் மட்டும் சொன்ன தேதிக்கு வந்துடும், அச்சுல வந்ததை அழிக்கவும் முடியாது. "முனைவர் பட்ட ஆய்வாளர்"னு போட்டு எந்தப் பல்கலைக்கழகம், என்ன தலைப்புன்னு ஒரு வரி சேருங்க. சொல்லப்போனா வெறும் முனைவரைவிட அதுதான் அதிகம் சொல்லுது, அரங்கத்துல யார்கிட்ட என்ன கேக்கலாம்னு தெரியுதுல்ல. இங்கிலீஷ்ல பிஹெச்.டி.யை அடைப்புக்குறிக்குள்ள போட்டு பக்கத்துல ஒரு சின்ன 'சி' வைக்கிறாங்களே, அதையும் விட்டுடுங்க, பாதி பேர் அதைப் பட்டம்னே படிப்பாங்க.

இன்னொரு ஆய்வாளர்: நடுவுல பூந்துக்கிறேன். வைவா அன்னிக்கே எக்ஸாமினர் எந்திரிச்சு "இனி நீங்க முனைவர்"னு சொல்லிட்டாலே போடலாம்னு எங்க கைடு சொன்னாரே?

பின்னட்டை அக்கா: சால்வை போர்த்தி ஸ்வீட் குடுக்குற வரைக்கும் அது சரி, நண்பர்கள் கூப்பிடட்டும். ஆனா எக்ஸாமினர் பரிந்துரைதான் பண்றார், பட்டம் குடுக்கிறது பல்கலைக்கழகம். அதனால அச்சுலயும் வேலை விண்ணப்பத்துலயும் புரொவிஷனல் சர்டிஃபிகேட் கைக்கு வந்த பிறகு போடுங்க.

கோவை ரசிகன்: எங்க குருவுக்கு பத்மஸ்ரீ கிடைச்சிருக்கு. அழைப்பிதழ்ல 'பத்மஸ்ரீ'ன்னு பேருக்கு முன்னாடி போடுறோம். அது மத்திய அரசே குடுத்த பட்டம், அதைப் போட என்ன தடை?

பின்னட்டை அக்கா: அரசு குடுத்ததுங்கிறதுனாலதான் தடையே. அரசியல் சட்டம் 18வது பிரிவு, ராணுவச் சிறப்பும் கல்விச் சிறப்பும் தவிர வேற எந்தப் பட்டத்தையும் அரசு குடுக்கக் கூடாதுன்னு சொல்லுது. அப்ப பத்ம விருது செல்லுமான்னு வழக்கு வந்து, விருது செல்லும், ஏன்னா அது பட்டம் இல்ல, அதனால பேருக்கு முன்னாடியும் பின்னாடியும் போடக் கூடாதுன்னு 1995ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிடுச்சு. லெட்டர்ஹெட், அழைப்பிதழ், போஸ்டர், புத்தகம் எதுலயும் கூடாது, மீறினா விருதே பறிபோகலாம். தப்பு பண்றது அழைப்பிதழ் அடிக்கிற நீங்க, மாட்டிக்கிறது உங்க குரு.

குறிப்புக்குள்ள "பத்மஸ்ரீ விருது பெற்றவர்"னு எந்த வருஷம்னு சேர்த்து தாராளமா எழுதலாம். கலைமாமணியையும் நான் அப்படித்தான் வருஷத்தோட வாக்கியத்துல வைப்பேன். ஊரே அதைப் பேருக்கு முன்னாடி போடுதுன்னு எனக்கும் தெரியும்.

கோவை ரசிகன்: போஸ்டர் அடிச்சாச்சு அக்கா...

பின்னட்டை அக்கா: ஒட்டியாச்சா?

ஆவடி அங்கிள்: சமூக சேவைக்காக எனக்கு கௌரவ டாக்டர் பட்டம் தர்றதா ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துல இருந்து மெயில் வந்துருக்கும்மா. விழாச் செலவுக்கு மட்டும் ஒரு தொகை கேக்குறாங்க. வாங்கிட்டா டாக்டர்னு போட்டுக்கலாமா?

பின்னட்டை அக்கா: அங்கிள், முதல்ல பணத்தைக் கட்டாதீங்க. கௌரவப் பட்டம் குடுக்குற பல்கலைக்கழகம் வாங்குறவர்கிட்ட காசு கேக்காது. நம்ம நாட்டுல பட்டம் குடுக்க யாருக்கு உரிமைன்னு 1956 யு.ஜி.சி. சட்டம் 22வது பிரிவுல இருக்கு: மத்திய, மாநிலச் சட்டத்தால வந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் அதிகாரம் குடுத்த நிறுவனம், அவ்வளவுதான். டிரஸ்ட், கவுன்சில், அகாடமி எதுக்கும் அந்த உரிமை கிடையாது. நடக்குற இடத்தைப் பாத்தும் நம்பிடாதீங்க, 2023ல சென்னையில ஒரு அமைப்பு அண்ணா பல்கலைக்கழக அரங்கத்துலயே விழா வச்சு பிரபலங்களுக்கு கௌரவ டாக்டர் குடுத்துச்சு, அப்புறம் பல்கலைக்கழகமே எங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு புகார் குடுத்தாங்க.

நெசமாவே ஒரு நல்ல பல்கலைக்கழகம் குடுத்தாலும், கௌரவ டாக்டரைப் பேருக்கு முன்னாடி போடாம இருக்கிறதுதான் கல்வி உலக வழக்கம். தமிழ்நாட்டு அரசியல் மேடையில அந்த வழக்கம் செல்லாதுங்கிறது வேற கதை.

ஆவடி அங்கிள்: மேடையில எல்லாரும் போட்டுக்கிறாங்களேம்மா, நான் போட்டா மட்டும் என்ன?

பின்னட்டை அக்கா: யாரும் கைது பண்ண மாட்டாங்க அங்கிள். ஆனா எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் துறைன்னு யாராச்சும் கேட்டா பதில் சொல்லியாகணும். "ஆவடியில் ரத்ததான முகாம்களை ஒருங்கிணைத்துவருபவர்"னு போட்டுப் பாருங்க, யாரும் எதிர்க்கேள்வி கேக்க மாட்டாங்க.

யாழ் வாசகி: அக்கா, நாங்கள் இங்கை பிஹெச்.டி. முடிச்சவையை 'கலாநிதி' எண்டு போடுறனாங்கள். சென்னையிலை வாற புத்தகத்துக்கும் அப்பிடியே விடலாமோ?

பின்னட்டை அக்கா: விடலாம்மா, ஆனா இங்க பாதி பேர் அதை உங்க பேருன்னே நினைச்சுக்குவாங்க. வாசகர் ரெண்டு பக்கமும்னா குறிப்புக்குள்ள "யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்"ங்கிற மாதிரி ஒரு வரி சேருங்க, அட்டையில கலாநிதி அப்படியே நிக்கட்டும். அதைவிட கவனிக்க வேண்டியது பேராசிரியர். உங்க பக்கம் அது பதவி உயர்ந்து வர்ற நிலை, இங்க காலேஜ்ல பாடம் எடுக்குற எல்லாரையுமே பேராசிரியர்னு கூப்பிடுறோம். அதனால எங்க ஆளுங்க குறிப்புல உதவிப் பேராசிரியர்னா உதவிப் பேராசிரியர்னே எழுதச் சொல்லுவேன், சில பேருக்கு முகம் சுண்டிடும்.

கல்யாண வீடு: எங்க பொண்ணு பத்திரிகையில பி.இ., எம்.எஸ். (யு.எஸ்.ஏ.)ன்னு போடலாமா, மாப்பிள்ளைக்கு பி.இ. மட்டும்தான், சம்பந்தி வீட்டுல வருத்தப்படுவாங்களோ?

பின்னட்டை அக்கா: நாம பேசுறது பயோ பத்தி, இருந்தாலும் சொல்றேன். பத்திரிகையில வர்ற எழுத்து சொந்தக்காரங்களுக்கான தகவல், அதுல என் விதி எதுவும் செல்லாது. சம்பந்தியைக் கேட்டுட்டு ரெண்டு பேருக்கும் போடுங்க, இல்ல ரெண்டு பேருக்கும் விடுங்க.

ஆய்வு மாணவி: ஜர்னல் வெப்சைட்ல பேர் கேக்குற கட்டத்துல எம்.எஸ்சி., எம்.ஃபில். சேர்க்கலாமா?

பின்னட்டை அக்கா: பேர் கட்டத்துல பேர் மட்டும்தான். நம்ம ஆளுங்களுக்கு இனிஷியல் ஏற்கனவே தலைவலி, எது முதல் பேர் எது கடைசிப் பேருன்னு மெஷின் குழம்பும், அதுல எம்.ஃபில். சேத்தீங்கன்னா அதையே குடும்பப் பேரா எடுத்துக்கிட்டு தேடல்ல உங்க கட்டுரை வேற யாரோட பேர்லயோ கிடக்கும். வெளியானதும் மேற்கோள் எப்படிக் காட்டுதுன்னு ஒரு தடவை பாருங்க, டிகிரி பேரா மாறியிருந்தா உடனே எழுதித் திருத்த வைங்க. சில மருத்துவ ஜர்னல் மட்டும் டிகிரி கேக்கும், அதுக்குத் தனிக் கட்டம் வச்சிருப்பாங்க.

பிசியோ: நான் பிசியோதெரபிஸ்ட், பி.பி.டி., எம்.பி.டி. டாக்டர் போடலாமா கூடாதான்னு ஒரு பதில் சொல்லுங்கக்கா.

பின்னட்டை அக்கா: முடிவான பதில் என்கிட்ட இல்லம்மா. 2025 செப்டம்பர்ல மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் போடக் கூடாதுன்னு கடிதம் அனுப்பிச்சு, மறுநாளே அதை வாபஸ் வாங்கிடுச்சு, டாக்டர் சங்கங்களும் பிசியோ சங்கங்களும் ஆளுக்கொரு பக்கம் நிக்கிறாங்க. போடுறதா இருந்தா பக்கத்துலயே பிசியோதெரபிஸ்ட்னு முழுசா எழுதிடுங்க, முட்டி வலியோட வர்றவர் உங்களை எலும்பு டாக்டர்னு நினைச்சு மாத்திரை கேட்டு நிக்கக் கூடாது.

மதுரை டாக்டர்: சாரி, இதுல நான் ஒத்துக்க மாட்டேன். பக்கத்துல என்ன எழுதினாலும் ஜனங்க டாக்டரைத்தான் படிப்பாங்க.

பிசியோ: அப்ப பிஹெச்.டி. வாங்கின தமிழ் வாத்தியாரும் போடக் கூடாதா சார்?

மதுரை டாக்டர்: அவர்கிட்ட யாரும் முட்டியைக் காட்டப் போறதில்லையேம்மா.