சராசரி வாட் மறைக்கும் கதை: 90 கிலோமீட்டர் சைக்கிளும் அதன் பின்னான ஓட்டமும்

கேள்வி: நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் கோவா அயர்ன்மேன் 70.3 போட்டியில் சைக்கிள் பகுதியை 3 மணி 5 நிமிடத்தில் முடித்தேன். சராசரி 168 வாட். என் எஃப்டிபி 220 என்பதால் இது 76 சதவீதம்தான். பதிவில் நார்மலைஸ்டு பவர் 186 என்று காட்டுகிறது. தனியாக ஓடினால் 21 கிலோமீட்டரை 1 மணி 55 நிமிடத்தில் முடிப்பேன். அன்றோ 8 கிலோமீட்டருக்குப் பிறகு நடையும் ஓட்டமுமாக 2 மணி 35 நிமிடம் ஆகிவிட்டது. அடுத்த முறை சைக்கிளை எவ்வளவு மெதுவாக ஓட்ட வேண்டும்?

பதில்: வேகத்தைப் பெரிதாகக் குறைக்க வேண்டியதில்லை. நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்த 186-இல்தான் விடை இருக்கிறது.

எஃப்டிபி என்பது ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச உழைப்பு. மூன்று மணி நேரம் மிதித்துவிட்டு அரை மாரத்தானும் ஓட வேண்டிய ஒருவர், அதில் 75 சதவீதத்தை ஒட்டி மிதித்தால் கால்கள் மிஞ்சும். உங்கள் சராசரி அந்த அளவில்தான் இருக்கிறது. ஆனால் கால் தசை சராசரியை உணர்வதில்லை. பத்து நிமிடம் 240 வாட்டில் ஏறி, அடுத்த பத்து நிமிடம் 96 வாட்டில் இறங்கினாலும் சராசரி 168-தான். நார்மலைஸ்டு பவர் கணக்கிலோ அது 203 ஆகிறது. இந்தக் கணக்கு 30 விநாடிச் சராசரிகளை நான்காம் அடுக்குக்கு உயர்த்திச் செய்யப்படுவதால், கடுமையாக மிதித்த ஒவ்வொரு நிமிடமும் பலமடங்கு எடை பெறுகிறது. உடலும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்துகொள்கிறது. எஃப்டிபியை நெருங்கும்போதும் தாண்டும்போதும் தசை கொழுப்பை விட்டுவிட்டுத் தன்னிடம் சேமித்திருக்கும் கிளைகோஜனை வேகமாக எரிக்கிறது. அப்படிச் செலவானது இறக்கத்தில் கால்களை ஓய்வாக வைத்திருப்பதால் திரும்பி வருவதில்லை.

உங்கள் 186 எஃப்டிபியில் கிட்டத்தட்ட 85 சதவீதம். இந்த அளவில் மிதித்துவிட்டு நன்றாக ஓடுபவர்கள் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் உங்களைவிட மிகக் குறைந்த நேரத்தில் சைக்கிளிலிருந்து இறங்கிவிடுகிறவர்கள். 186-ஐ 168-ஆல் வகுத்தால் 1.1 வருகிறது. ஏற்ற இறக்கமுள்ள பாதையிலும் இது 1.05-ஐ ஒட்டி இருப்பது நல்லது. 8-ஆவது கிலோமீட்டரில் நடக்க வைத்தது இந்த இடைவெளிதான் என்பது என் கணிப்பு.

அடுத்த முறைக்கு நான் வைக்கும் இலக்கு நார்மலைஸ்டு 165 முதல் 168, சராசரி 160 வாட். இதனால் எவ்வளவு நேரம் போகும்? சமதளத்தில் உழைப்பின் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதற்கே போகிறது. அதற்குத் தேவையான வாட் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுகிறது. எனவே 5 சதவீத உழைப்பைக் குறைத்தால் வேகம் 2 சதவீதத்துக்குள்தான் குறையும். உங்கள் நேரத்தில் அது மூன்று, நான்கு நிமிடம். ஓட்டத்தில் நீங்கள் இழந்ததோ, கடலோர வெயிலுக்கும் களைப்புக்கும் 15 நிமிடம் கழித்தாலும், 25 நிமிடம்.

நார்மலைஸ்டு பவரை 186-இலிருந்து 168-க்கு இறக்க வேண்டிய இந்த 18 வாட்டை எங்கே குறைப்பது என்பதுதான் இனிக் கேள்வி. எல்லா இடத்திலும் சமமாக அல்ல. பதிவை மறுபடி திறந்து 200 வாட்டுக்கு மேல் போன இடங்களை மட்டும் பாருங்கள். பெரும்பாலும் மூன்று இடங்களில் குவிந்திருக்கும்: முதல் அரை மணி நேரம், ஏற்றங்கள், யு-டர்ன்களிலிருந்து வெளியேறும் தருணங்கள்.

முதல் அரை மணி நேரம்தான் ஏமாற்றும். நீச்சல் முடிந்து ஓடி வந்து சைக்கிள் ஏறும்போது இதயத் துடிப்பு ஏற்கெனவே எகிறியிருக்கும், ஆனால் கால்கள் புதிதாக இருப்பதால் 190 வாட்டும் உல்லாசமாகத் தோன்றும். துடிப்பு நிலைக்கு வரும்வரை 150 முதல் 155 வாட்டில் இருங்கள். பலர் உங்களைத் தாண்டிப் போவார்கள், போகட்டும்.

ஏற்றத்தில் கொஞ்சம் கூடுதலாக மிதிப்பது சரியே. அங்கே வேகம் குறைவு, காற்றின் தடையும் குறைவு. கூட்டும் வாட்டுக்கு நேரத்தில் பலன் கிடைக்கும். ஆனால் ஓர் உச்சவரம்பு வேண்டும். நீண்ட ஏற்றத்தில் 190, குட்டி மேட்டில் 200, அதற்கு மேல் எங்கும் இல்லை. இங்கே மனவுறுதியைவிட கியர்தான் தடையாக நிற்கும். சைக்கிளோடு சேர்த்து 80 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 சதவீத ஏற்றத்தில் 190 வாட்டுக்கு மணிக்கு 13 கிலோமீட்டர்தான் கிடைக்கும். முன்னால் 39 பல், பின்னால் 25 பல் என்றால் பெடல் நிமிடத்துக்கு 66 சுற்றுதான் வரும். அந்தக் கனம் பொறுக்காமல் எழுந்து நின்று 260 வாட் அழுத்திவிடுவீர்கள். முன்னால் 34, பின்னால் 28 போட்டால் அதே வேகத்தில் 85 சுற்று வரும், உட்கார்ந்தபடியே ஏறலாம். போட்டிக்கு முன் செலவு செய்வதென்றால் கார்பன் சக்கரத்துக்கு அல்ல, இதற்குச் செய்யுங்கள். உச்சியைத் தொட்டதும் மிதிப்பதை நிறுத்தாமல், வேகம் பிடிக்கும்வரை இலக்கு வாட்டிலேயே தொடருங்கள். மணிக்கு 45 கிலோமீட்டரைத் தாண்டியபின் உடலைக் குனித்து உருண்டால் போதும்.

யு-டர்ன் சின்ன விஷயம், எண்ணிக்கையால் பெரிதாகிறது. திரும்புவதற்கு முன்பே இரண்டு கியர் இலகுவாக்கிவிட்டால், எழுந்து நின்று 400 வாட்டில் பாய வேண்டிய அவசியம் வராது.

சைக்கிள் கணினியின் திரையில் வேகத்தையும் சராசரி வாட்டையும் எடுத்துவிடுங்கள். 3 விநாடி வாட், அந்தச் சுற்றின் நார்மலைஸ்டு பவர், இதயத் துடிப்பு ஆகிய மூன்று போதும். எதிர்காற்றில் வேகம் 24-க்கு இறங்கும்போது அதைப் பார்த்துப் பதறுவதுதான் பல ஓட்டங்களைக் கெடுத்திருக்கிறது.

வெயில் வரும்போது வாட் மட்டும் போதாது. அதே 165 வாட்டில், நிலைத்திருந்த துடிப்பு இரண்டாம் மணி நேரத்தில் 10-க்கு மேல் ஏறினால், உடல் குளிர்விப்பதற்கே இரத்தத்தைத் திருப்பிவிடுகிறது என்று பொருள். 10 வாட் குறைத்து, தலையிலும் முதுகிலும் தண்ணீர் ஊற்றுங்கள். வயிறு உப்பி, குடித்தது உள்ளே குலுங்குவதும் இதே எச்சரிக்கைதான். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து எடுக்க வேண்டிய நேரத்தில் வயிறு மறுக்கிறது என்றால், ஜெல்லைக் குறை சொல்வதற்குமுன் உழைப்பைக் குறைத்துப் பாருங்கள். பவர் மீட்டர் அன்று பார்த்துச் செத்துப்போனால் மூச்சே அளவுகோல்: ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் பேச முடிய வேண்டும், ஏற்றத்தின் உச்சியில் தவிர.

அந்த 220-ஐயும் ஒரு முறை சோதித்துவிடுங்கள். 20 நிமிடச் சோதனையின் 95 சதவீதத்திலிருந்து வந்த எண் என்றால், குறுகிய நேரத்தில் வெடித்து மிதிக்கும் திறன் உள்ளவர்களுக்கு அது கூடுதலாகக் காட்டும். உண்மை 210 என்றால் இலக்கும் 158-ஐ ஒட்டி இறங்கும்.

போட்டிக்கு மூன்று வாரம் முன்பு, வெயில் ஏறும் நேரத்தில் 75 கிலோமீட்டரை இந்த இலக்கில் மிதித்துவிட்டு, உடனே 8 கிலோமீட்டரை, கிலோமீட்டருக்கு 6 நிமிட வேகத்தில் ஓடிப் பாருங்கள். கடைசி இரண்டு கிலோமீட்டரும் அதே வேகத்தில் நின்றால் 165-ஐ அப்படியே வைத்துக்கொள்ளலாம். நிற்காவிட்டால் 5 வாட் குறைத்து, பத்து நாள் கழித்து 60 கிலோமீட்டரில் மறுபடி சோதியுங்கள்.