படத்தில் குடம் பெரிசு, பெட்டிக்குள் அது எவ்வளவு?

“பேரனுக்கு ஒன்றரை வயசு. சொப்புச் சாமான் வாங்கலாம் என்று மகன் மூன்று கடைக்காரர்களின் படத்தை அனுப்பினான். எது உறுதி, எது ஆபத்தில்லாதது, படத்தில் தெரியும் அளவு நிஜமா? படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா?”
– ஓர் ஆச்சி, கல்லிடைக்குறிச்சி

பாதிக்கு மேல் சொல்லிவிடலாம். அளவிலிருந்து தொடங்குகிறேன். இந்த வயசுப் பிள்ளை கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கும் என்பதால், அளவுதான் இங்கே முதல் பாதுகாப்பு.

முதல் படத்தில் ஒரு சிறுமி மரக் குடத்தை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள். விரல்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். குடத்தின் மேல் விரலின் நிழலே விழவில்லை, விரல் நுனி வளைவோடு ஒட்டவும் இல்லை. சிறுமி படத்தில் குடத்தை ஒட்டவைத்திருக்கிறார்கள். நிஜ அளவு கீழே சின்ன எழுத்தில் இருக்கிறது: 20 சாமான், பெட்டி 18 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம். பதினெட்டைப் பன்னிரண்டால் பெருக்கினால் 216. ஒரே அடுக்காக வைத்தால் ஒரு சாமானுக்குச் சுமார் 11 சதுர செ.மீ. இடம், அதாவது பக்கத்துக்கு 3.3 செ.மீ.தான். இரண்டு அடுக்காக வைத்திருந்தால் அகலம் கொஞ்சம் கூடும், உயரம் இரண்டரை செ.மீ.க்குள் அடங்கிவிடும். குடமும் அடுப்பும் கூடுதல் இடம் எடுத்துக்கொண்டால் மூடியும் டம்ளரும் இன்னும் சிறுத்துப்போகும்.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், மூன்று வயசுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பொம்மையைச் சோதிக்க ஒரு சிறு உருளை உண்டு. அதன் உள்விட்டம் 31.7 மி.மீ. எதையும் அமுக்காமல் அதற்குள் முழுசாக அடங்கும் துண்டு தொண்டையை அடைக்கக்கூடியது என்று கணக்கு. பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ. அதைவிடக் கொஞ்சமே பெரிய மூடி என்றால் பேரன் கையில் கொடுக்க வேண்டாம். பெட்டி ஓரத்தில் ‘0-3’ என்று எழுதிக் குறுக்கே கோடு போட்ட குழந்தை முகமும் இருக்கிறதே, மூன்று வயசுக்குள் ஆகாது என்பதற்கான அடையாளம் அதுதான். இதை ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டாவது பிளாஸ்டிக் செட். 2021 ஜனவரி முதல், 14 வயசுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். இந்தப் படத்தில் முத்திரை பளிச்சென்று மூலையில் மிதக்கிறது. பெட்டி சாய்ந்திருக்கிறது, முத்திரை மட்டும் நேராக நிற்கிறது. ஆக, அது பெட்டியில் அச்சானது இல்லை, படத்தின் மேல் போட்டது. உண்மையான முத்திரைக்கு மேலே IS 9873 போன்ற எண்ணும், கீழே CM/L என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். பெட்டியில் அச்சானதைக் கிட்டத்தில் படமெடுத்துக் கேளுங்கள். அந்த உரிம எண்ணை BIS Care செயலியில் மகன் போட்டுப் பார்த்தால் உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று தெரியும். பெட்டியில் உள்ள தயாரிப்பாளர் பெயர் வேறாக இருந்தால் வாங்க வேண்டாம்.

மூன்றாவது, அம்பாசமுத்திரக் கடைசல் பட்டறைக்காரர் வாட்ஸப்பில் அனுப்பியது. சிமெண்டுத் தரை, மங்கலான வெளிச்சம். ஆனால் மூன்றிலும் நான் அதிகம் நம்புவது இதைத்தான், ஏனென்றால் எதுவும் மறைக்கப்படவில்லை. சட்டியின் விளிம்பு தடிமனாக இருக்கிறது. மர ரேகை அடியிலிருந்து வாய்வரை அறுபடாமல் ஓடுகிறது. அப்படியென்றால் அது ஒரே கட்டையில் கடைந்தது. கரண்டியைப் பாருங்கள்: காம்பு சேரும் இடத்தில் பளபளவென்று ஒரு வளையம் தெரிகிறது. துளைபோட்டுச் செருகாமல் பசையில் நிறுத்தியதன் அடையாளம் பெரும்பாலும் அதுதான். நாலு தடவை தரையில் தட்டினால் கழன்றுவிடும், கழன்ற தலை வாய்க்குப் போகும். திருகையின் கைப்பிடிக்கும் இதே கதைதான்.

இதில் ஐ.எஸ்.ஐ. இல்லையே என்று பயப்பட வேண்டாம். மத்திய அரசின் கைவினை ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர் தானே செய்து விற்கும் பொம்மைக்கு விலக்கு உண்டு. கைவினைஞர் அட்டை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பூச்சில் என்ன கலந்திருக்கிறது என்பது மட்டும் எந்தப் படத்திலும் தெரியாது. அரக்கா, கடைப் பெயிண்டா என்று நேரிலேயே கேட்க வேண்டும். பெயிண்ட் என்றால், வாயில் வைக்கும் வயசில் வேண்டாம், பூசாத மரமே போதும் என்பேன்.

அப்புறம் அவரிடம் இரண்டு படம் கூடுதலாகக் கேளுங்கள். ஒன்று, சாமானைக் கவிழ்த்து அடிப்பக்கம். வெடிப்பு இருந்தால் அங்கேதான் முதலில் தெரியும். இன்னொன்று, ஆகச் சின்னச் சாமானுக்குப் பக்கத்தில், அதைத் தொட்டபடி, பத்து ரூபாய் நாணயம். நாணயத்தைப் பின்னால் தள்ளி வைத்தால் சாமான் பெரிதாகத் தெரியும். அதனால் தரையில் இரண்டும் ஒட்டி இருக்க வேண்டும், படத்தை நேர் மேலிருந்து எடுக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தால் பட்டறைக்காரரிடமே சொல்லிவிடுங்கள்: “கரண்டி, திருகை, சின்ன மூடி மூன்றும் வேண்டாம், அந்த இடத்தில் பெரிய சட்டியும் குடமும் வைத்துத் தாருங்கள்.”