வெளிச்சமான அறையில் புரொஜெக்டர்: எந்த நிறம் நிற்கும், எது கரைந்துபோகும்? (கேள்வி பதில்)

அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியை: எங்கள் வகுப்பில் கிழக்குப் பக்கம் நான்கு ஜன்னல்கள். திரைச்சீலை கிடையாது. மடிக்கணினியில் பளிச்சென்று இருக்கும் ஸ்லைடு சுவரில் விழுந்ததும் வெளிறிப்போகிறது. எந்த நிறங்களை வைக்கலாம்?

நிறங்களுக்குப் போவதற்கு முன் புரொஜெக்டரை அணைத்துவிட்டு அந்தச் சுவரைப் பாருங்கள். இப்போது அது எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறதோ, அதுதான் உங்களுக்குக் கிடைக்கப்போகும் கறுப்பு. புரொஜெக்டர் சுவரின்மேல் ஒளியைச் சேர்க்கும். இருக்கிற ஒளியை எடுத்துவிட அதனால் முடியாது. ஸ்லைடில் கறுப்பாக இருக்கும் இடம் ஜன்னல் வெளிச்சத்தில் சாம்பலாகத்தான் தெரியும். மற்ற எல்லா நிறங்களும் அந்தச் சாம்பலுக்கும் வெள்ளைக்கும் நடுவே நெருக்கியடித்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பதை அளந்துவிடலாம். கைப்பேசியில் லக்ஸ் மீட்டர் செயலி ஒன்றைப் போட்டு, பேசியின் முதுகைச் சுவரோடு ஒட்டி, முகத்தை வகுப்பைப் பார்த்து வையுங்கள். புரொஜெக்டரின் லென்ஸை மூடி ஒரு முறையும், முழு வெள்ளை ஸ்லைடைப் போட்டு ஒரு முறையும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுங்கள். கைப்பேசியின் அளவு துல்லியமானதல்ல. ஆனால் ஒரே கருவியால் இரண்டையும் அளப்பதால் விகிதம் பெரும்பாலும் நம்பும்படியாகவே வரும்.

அதே ஆசிரியை, மறுநாள்: மூடி வைத்தபோது 300, வெள்ளைக்கு 1300. வகுத்தால் 4.3. இது நல்ல எண்ணா?

நெருக்கடியான எண்தான், ஆனால் வேலை செய்யலாம். வெள்ளைமேல் சுத்தக் கறுப்பு எழுத்தை வைத்தாலும் உங்கள் வகுப்பில் 4.3 மடங்கு வேறுபாட்டுக்கு மேல் கிடைக்காது என்பது இதன் பொருள். ஆகவே கறுப்பிலிருந்து விலகும் ஒவ்வொரு நிறமும் இந்தச் சிறிய கையிருப்பிலிருந்துதான் செலவு செய்கிறது.

உங்கள் எண்களை வைத்தே கணக்குப் போட்டேன். # போட்டு எழுதியிருப்பவை ஸ்லைடு மென்பொருளின் நிறப் பெட்டியில் தட்டும் நிறக் குறியீடுகள். வெள்ளைப் பின்னணியில் அடர்நீலம் #1F3864 எழுத்துக்கு 3.8 வருகிறது, தாராளமாக வைக்கலாம். அடர்சிவப்பு #8B0000 எழுத்துக்கு 3.7. பாடப்புத்தகச் சிவப்பு, அதாவது #FF0000, 2.5க்கு இறங்கிவிடுகிறது, பெரிய தலைப்பென்றால் சமாளிக்கும், வரி எழுத்துக்கு வேண்டாம். பச்சை #00FF00 1.3, மஞ்சள் 1.06. இவற்றில் எழுதினால் கடைசி வரிசை மாணவர்கள் எழுத்தே இல்லையென்று நினைத்துக்கொள்வார்கள்.

எனவே உங்களுக்கு நான் சொல்லும் தொகுப்பு: வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, தலைப்புக்கு அடர்நீலம், முக்கியமானதைக் காட்ட மஞ்சள். ஆனால் மஞ்சளை எழுத்துக்குத் தராதீர்கள். எழுத்தின் பின்னால் பட்டையாகப் போடுங்கள். மஞ்சள்மேல் கறுப்பு எழுத்துக்கு உங்கள் அறையில் 4.1 வருகிறது. ஏறக்குறைய வெள்ளைமேல் இருப்பதைப் போலவே படிக்கலாம்.

இன்னொன்று: கரும்பலகை நினைவில் முக்கியச் சொற்களை மட்டும் அடர்சிவப்பில் எழுதும் பழக்கம் பலருக்கு உண்டு. வெளிச்சத்தில் அடர்சிவப்பும் கறுப்பும் ஒன்றுபோலவே தெரியும். படிக்க முடியும், ஆனால் எது முக்கியம் என்பது மறைந்துவிடும். அந்த வேலையை மஞ்சள் பட்டைக்கோ தடித்த எழுத்துக்கோ கொடுத்துவிடுங்கள்.

இணையத்தள வடிவமைப்பாளர்: எழுத்துக்கும் பின்னணிக்கும் நடுவே குறைந்தது 4.5 மடங்கு வேறுபாடு வேண்டும் என்பது WCAG என்ற இணைய அணுகல் விதி. நான் 4.5க்கு மேல் வரும் நிறங்களை மட்டும்தான் எடுக்கிறேன். வெள்ளைமேல் #767676 சாம்பல் 4.54 என்று கருவி காட்டுகிறது. விதிப்படி தேறுகிறது. பிறகு ஏன் கூட்ட அறையில் யாரும் படிக்கவில்லை?

விதி சரி, அது எழுதப்பட்டது உங்கள் மேசைமேல் இருக்கும் திரைக்காக. கருவி போடும் கணக்கு இதுதான்:

```
(L1 + 0.05) / (L2 + 0.05)
```

L1 வெளிச்சமான நிறத்தின் ஒளி, L2 இருண்ட நிறத்தின் ஒளி. வெள்ளைக்கு 1, கறுப்புக்கு 0. அந்த 0.05 எதற்கு? திரைமேல் எங்கிருந்தோ விழும் கொஞ்ச வெளிச்சத்துக்காக வைத்தது. மடிக்கணினிக்கு அது பொருந்தும். மேலே உள்ள வகுப்பறையில் புரொஜெக்டர் தரும் 1000 லக்ஸுக்கு அறை வெளிச்சம் 300 லக்ஸ். எனவே 0.05 இருக்கும் இடத்தில் 0.3 போட வேண்டும். போட்டால் உங்கள் சாம்பல் 4.54இலிருந்து 2.7க்கு விழுகிறது. அட்டவணையில் ஒரு வரி விட்டு ஒரு வரி போடும் இளஞ்சாம்பல் #F2F2F2 பட்டை 1.09; அதை யாருமே பார்க்கப்போவதில்லை. அதற்குப் பதில் வரிகளுக்கு நடுவே ஒரு கறுப்புக் கோடு போட்டுவிடுங்கள்.

மண்டப ஒலி ஒளி ஏற்பாட்டாளர்: எல்லாரும் வெள்ளைப் பின்னணி என்கிறீர்கள். என் அனுபவத்தில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துதான் எடுப்பாக இருக்கும். திரையரங்கில் பெயர்கள் ஓடுவது அப்படித்தானே?

இருட்டு மண்டபத்துக்கு நீங்கள் சொல்வது சரி. அங்கே முழு வெள்ளை ஸ்லைடு கண்ணைக் கூசவைக்கும். விளக்குகள் எரியும் மண்டபத்தில் நிலைமை வேறு. எண் என்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்: வெள்ளைமேல் கறுப்பு 4.3 என்றால் கறுப்புமேல் வெள்ளையும் 4.3. ஆனால் கறுப்புப் பின்னணியில் ஜன்னல் வெளிச்சத்தின் திட்டுகள், சுவரின் ஒட்டுவேலை, பின்னால் எரியும் டியூப் லைட்டின் சாயல் எல்லாம் அப்பட்டமாகத் தெரியும். வெள்ளைப் பின்னணியில் அவை அமுங்கிவிடும்.

உங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. முழு வெள்ளைத் திரையின் ஒளி கூரையிலும் சுவர்களிலும் பட்டு மறுபடி திரைக்கே வரும். சிறிய, வெள்ளையடித்த அறையில் அது கறுப்பை இன்னும் வெளிறவைக்கும். மஞ்சளில்தான் எழுதியாக வேண்டுமென்றாலும் இருண்ட பின்னணிதான் அதைக் காப்பாற்றும். நான் வெளிச்சமான அறைக்கு வெள்ளையைத்தான் எடுப்பேன். உங்கள் மண்டபத்தில் இரண்டையும் ஒரே எழுத்தில் போட்டுக் கடைசி நாற்காலியிலிருந்து பார்த்துவிட்டு வேறு முடிவுக்கு வந்தால், அதை மறுக்க மாட்டேன்.

வீட்டுக்காரர் ஒருவர்: கூடத்துச் சுவரில் புரொஜெக்டர் போடப்போகிறோம். சாம்பல் வண்ணம் அடித்தால் கறுப்பு நன்றாக வரும் என்கிறார் பெயின்டர். எந்தச் சாம்பல்?

கேட்டது ஸ்லைடின் நிறம். நீங்கள் சுவரின் நிறத்துக்கு வந்துவிட்டீர்கள். பரவாயில்லை, கணக்கு ஒன்றேதான். சாதாரண மேட் சாம்பல் சுவர் ஜன்னல் வெளிச்சத்தையும் விழுங்கும், புரொஜெக்டர் ஒளியையும் அதே அளவில் விழுங்கும். இரண்டும் ஒரே பங்கு குறைவதால் விகிதம் மாறாது. படம் மட்டும் மங்கும். இரவில் விளக்கணைத்துப் பார்க்கும்போது, திரையிலிருந்து கிளம்பி அறைக்குள் எதிரொளித்துத் திரும்பும் ஒளியைச் சாம்பல் குறைக்கும். பெயின்டர் கேள்விப்பட்டது அதுவாக இருக்கலாம். பக்கவாட்டு, மேல்புற வெளிச்சத்தை மட்டும் தள்ளிவிடும்படி செய்த சிறப்புத் திரைகள் உண்டு. அவை ஒளி வரும் கோணத்தைப் பார்த்து வேலை செய்கின்றன. வண்ண டப்பாவில் அது கிடைக்காது.

விற்பனைப் பிரிவில் இருப்பவர்: எங்கள் நிறுவன நிறங்கள் ஆரஞ்சும் வெளிர்நீலமும். ஸ்லைடில் அவைதான் வர வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. மாற்ற முடியாது.

மாற்ற வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். #E69F00 போன்ற ஆரஞ்சுமேல் வெள்ளை எழுத்து வைத்தால் மேலே சொன்ன வகுப்பறையில் 1.8, கறுப்பு எழுத்து வைத்தால் 2.4. இரண்டுமே சுமார்தான். ஆகவே அந்த நிறங்கள்மேல் எழுத்தே வேண்டாம். ஓரத்தில் ஒரு பட்டை, லோகோ, படத்தின் சட்டம் ஆகியவற்றில் அவை இருக்கட்டும். படிக்க வேண்டியதெல்லாம் வெள்ளைமேல் கறுப்பில். உத்தரவும் மீறப்படாது, வாடிக்கையாளருக்கும் விலைப்பட்டியல் தெரியும்.

ஒரு எச்சரிக்கை: சில டிஎல்பி புரொஜெக்டர்களின் நிறச் சக்கரத்தில் வெள்ளைக்கென்றே தனிப் பகுதி இருக்கும். வெள்ளை பிரகாசமாக வரும், ஆனால் மற்ற நிறங்கள் அந்த அளவுக்கு ஒளி பெறுவதில்லை. அவற்றில் மஞ்சள் கடுகு நிறமாகவும் சிவப்பு செங்கல் நிறமாகவும் இறங்கிவிடும். லோகோ நிறம் அச்சில் இருப்பதுபோல வரவில்லை என்று யாராவது கோபித்துக்கொண்டால் ஸ்லைடைத் திருத்திக்கொண்டிருக்காதீர்கள்.

ஆய்வு மாணவி: என் வரைபடத்தில் ஐந்து கோடுகள். நிறக்குருடு உள்ளவர்களுக்கும் தெரியும் என்று ஒகாபே, இட்டோ தொகுத்த நிறங்களை எடுத்திருக்கிறேன். அது போதும்தானே?

நல்ல தொகுப்பு, ஆனால் அது தீர்க்கும் சிக்கல் வேறு. சாயலில் குழப்பம் வராமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. மேலே சொன்ன வகுப்பறையில் வெள்ளைமேல் வைத்தால் அதிலுள்ள நீலம் #0072B2 2.9, செம்மஞ்சள் #D55E00 2.5. வெளிச்சம் சாயலையும் சேர்த்தே வெளிறவைக்கும்போது இந்த இரண்டும் அடர்த்தியில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றுவிடும். ஐந்து கோடுகளையும் ஒளியளவில் மட்டும் பிரிக்க 4.3 மடங்கில் இடமே இல்லை.

ஐந்தில் எந்தக் கோட்டைப் பற்றிப் பேசப்போகிறீர்கள்? அதை மட்டும் கறுப்பாக, தடிமனாகப் போடுங்கள். மற்ற நான்கும் நடுத்தரச் சாம்பலில் மெலிதாக இருக்கட்டும். ஒவ்வொன்றின் பெயரையும் கோட்டின் முனையிலேயே கறுப்பு எழுத்தில் எழுதிவிட்டால் ஓரத்தில் நிற விளக்கப் பெட்டியே தேவையில்லை. ஐந்தும் சமமாக முக்கியம் என்றால் ஐந்து சிறிய வரைபடங்களாகப் பிரியுங்கள்.

தமிழில் ஸ்லைடு தயாரிக்கும் ஒருவர்: கறுப்பு, வெள்ளை என்று வைத்தும் பின்வரிசையில் 'க'வா 'க்'கா என்று கேட்கிறார்கள்.

அது நிறத்தின் குற்றமல்ல, தடிமனின் குற்றம். மெல்லிய எழுத்துருவில் புள்ளி சிறிதாக இருக்கும். அதன் ஓரங்கள் வெள்ளையோடு கலந்ததும் கறுப்பு சாம்பலாகி, சாம்பல் காணாமல் போய்விடும். வேறுபாடு குறைவான அறையில் தடித்த எழுத்துருவே வேண்டும், அளவையும் கூட்ட வேண்டும். நெடில் சுழிகளும் அப்போது பிழைக்கும்.

முதலில் கேட்ட ஆசிரியை: வகுப்புக்குப் போகும் முன் வீட்டிலேயே இதைச் சரிபார்க்க வழி உண்டா?

உண்டு. ஸ்லைடு முழுவதையும் மூடும்படி ஒரு வெள்ளைச் செவ்வகத்தைப் போட்டு, அதன் ஊடுருவும் தன்மையை 50 சதவீதமாக வையுங்கள். அதன் வழியாகத் தெரிவதுதான் கிட்டத்தட்ட உங்கள் வகுப்பில் தெரியப்போவது. நடுத்தர நிறங்களை இது உண்மையைவிடச் சற்று அதிகமாகவே வெளுக்கும். சோதனை கடுமையாக இருப்பதில் தவறில்லை. பவர்பாயின்ட்டில் View பகுதியில் உள்ள Grayscale பொத்தானையும் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். சாயலை மட்டும் நம்பியிருக்கும் இடங்கள் உடனே பிடிபடும். பிறகு மடிக்கணினியை மேசையில் வைத்துவிட்டு அறையின் மறுகோடிக்குப் போய்ப் படித்துப் பாருங்கள்.

அதற்கும் தேறவில்லையென்றால் புரொஜெக்டரைச் சுவருக்கு அருகில் நகர்த்தலாம். படத்தின் அகலத்தைக் கால் பங்கு குறைத்தாலே அதே ஒளி சிறிய இடத்தில் விழுந்து உங்கள் 4.3 ஏறக்குறைய 7 ஆகிவிடும். எழுத்தும் அதே அளவில் சிறுக்கும் என்பதால் ஒரு ஸ்லைடுக்கு இரண்டு வரிகளைக் குறைக்க வேண்டியிருக்கும்.